ஊருக்குச் சொல்லக்கூடிய நோய்

நியூ ஜெர்சியின் எடிசனில் வான்மதியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு எந்த அபார்ட்மெண்டில் கரப்பான் தொல்லை இல்லை, எந்த டேகேரில் பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டார்கள், ஓக் ட்ரீ ரோட்டில் எந்தக் கடை முருங்கைக்காய் முற்றாமல் இருக்கும் என்பதெல்லாம் அவளைக் கேட்டால் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். யாருக்காவது பிரசவம் என்றால் ரசம் சாதத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் முதலில் நிற்கிறவள் அவள்தான்.

தாராபுரம் பக்கத்துப் பெண். கோயமுத்தூரில் எம்.சி.ஏ. படித்து, ஜெயபிரகாஷைக் கட்டிக்கொண்டு, பதினேழு வருஷத்துக்கு முன்னால் நியூ ஜெர்சிக்கு வந்தாள். ஜெயபிரகாஷுக்கு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் வேலை; காலையில் ரயிலேறினால் இருட்டித்தான் திரும்புவான். வான்மதிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர்கள் எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது தொழில். அதில் அவள் கெட்டிக்காரி. எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் அங்கேதான் முதலில் தோண்டுவாள். ஒரே பையன் இனியன். பதினாறு வயது, பள்ளி சாக்கர் அணியில் ஓடுகிற ஓட்டத்தில் வாரம் ஒரு ஜோடி காலுறையைக் கிழிப்பான். தமிழ் அத்தனையும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் வான்மதியின் தம்பி சேனாபதி இறந்துபோனான். முப்பத்தொன்பது வயது. அவளைவிட எட்டு வயது இளையவன். இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் அவள். இரண்டு வருஷமாகவே அவனுக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யார் முகத்தையும் பார்த்துப் பேச்சு இல்லை. சூப்பர்வைசர் வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். வீட்டில் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள்: கேஸ் ட்ரபிள். வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டதால்தான் பையன் இப்படி இருக்கிறான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், கேஸ் மாத்திரை கொடுத்தார்கள், கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மனசு டாக்டரிடம் மட்டும் கூட்டிப்போகவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

வான்மதி விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே அம்மா அவள் கையைப் பிடித்து, அழுகைக்கு நடுவில், காதோடு சொன்னாள்.

"அம்மிணி, யாரு கேட்டாலும் ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லு. அவனுக்கொரு பொட்டப்புள்ள இருக்குது. நாளைக்கு அதைக் கட்டிக்குடுக்கோணும்."

வான்மதி தலையாட்டினாள். எடிசனுக்குத் திரும்பியதும் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னாள். ஹார்ட் அட்டாக். திடீர்னு. தூக்கத்துலயே. சொல்லச் சொல்ல விவரங்கள் கூடின. சொந்தப் பையனிடமும் அதுதான். உண்மை தெரிந்தது அமெரிக்காவில் இரண்டே பேருக்கு, அவளுக்கும் ஜெயபிரகாஷுக்கும். அவர்களும் அதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை.

தொண்டையில் உருண்டை வந்தது அந்தக் கோடையில்.

வலி இல்லை. சோறு இறங்கியது, தண்ணீர் இறங்கியது, வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க விழுங்கிய கெட்டி முறுக்கும் ஒரு குறையுமில்லாமல் இறங்கியது. சாப்பிடுகிற நேரத்தில் உருண்டை இருக்கிற இடமே தெரியாது. சாப்பிட்டு முடித்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, சும்மா எச்சிலை விழுங்கினால் தொண்டைக்குழியில் வந்து நிற்கும். இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க இன்னொரு தடவை விழுங்குவாள். இருக்கும். இன்னும் ஒரு தடவை. சாயங்காலத்துக்குள் தொண்டை முழுவதும் இறுகிப்போய்விடும். டெஸ்டிங் புத்தி அல்லவா, சோதித்துக்கொண்டே இருந்தாள். சோதிக்கச் சோதிக்க அது வளர்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஐசக் டாக்டர் நாகர்கோவில்காரர். எடிசனில் பாதித் தமிழர்களுக்கு அவர்தான் குடும்ப டாக்டர். வான்மதி பரிசோதனை மேசையில் உட்கார்ந்தாள், ஜெயபிரகாஷ் பக்கத்து நாற்காலியில். மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போனால் உள்ளே போய் உட்கார்ந்து பாதி பதிலைத் தானே சொல்வது நம் ஆண்களின் அன்பு வகைகளில் ஒன்று. அதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை, அவளும் நினைக்கவில்லை.

"வலி உண்டா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க டாக்டர். எச்சி முழுங்குனா மட்டும் உருண்டையாட்டம் நிக்குது."

"சாப்பாடு சிக்குதா? குரல் மாறிச்சா? வெயிட் குறைஞ்சுதா? இருமும்போது ரத்தம்?"

எல்லாவற்றுக்கும் இல்லை. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, அப்போது விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பயப்பட வேண்டிய அடையாளம் ஒண்ணும் இல்ல. இதுக்கு குளோபஸ்னு பேரு, நிறைய பேருக்கு வரும். தைராய்டு பெருசா வீங்கினா தொண்டையை அழுத்தலாம், உங்களுக்கு வீக்கம் இல்ல. சும்மா ஒரு பிளட் டெஸ்ட் பாத்துருவோம். ரெண்டாவது, நெஞ்செரிச்சல் தெரியாமலே ஆசிட் மேல ஏறலாம். காலையில சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால ஒரு மாத்திரை, ரெண்டு மாசம். ராத்திரி சாப்பிட்டதும் படுக்காதீங்க. இஎன்டி டாக்டர் ஒருக்கா கேமரா விட்டுப் பாக்கட்டும். மூணாவது, மனசு. கவலை, பயம், துக்கம், எதுலயும் தொண்டையில உள்ள தசை இறுகும். நிஜமாவே இறுகும், கற்பனை இல்ல. ஸ்கேன்ல தெரியாது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "சமீபத்துல வீட்ல ஏதாச்சும் இழப்பு உண்டுமா?"

வான்மதி வாயைத் திறந்தாள்.

"இவ தம்பி தவறிட்டான் டாக்டர்," என்றான் ஜெயபிரகாஷ். "ஹார்ட் அட்டாக். முப்பத்தொம்பது வயசு."

"அடப்பாவமே," என்று சொல்லிவிட்டு டாக்டர் அதைக் கணினியில் பதிந்துகொண்டார். வான்மதி திறந்த வாயை மூடினாள்.

காரில் ஏறியதும் ஜெயபிரகாஷ் பொரிந்தான். "என்னடி மனசு கினசுன்னு பேசறாரு? ஆன்சைட்டின்னு ரெக்கார்டுல போட்டுட்டா? கிரீன் கார்டு மெடிக்கல்ல அவன் அதைத் தோண்டுவான். அந்தாளு பொண்டாட்டி ஃபெமினா வேற தமிழ் ஸ்கூல்ல டீச்சர். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊரே பேசும்."

ஃபெமினா தமிழ் ஸ்கூல் டீச்சர் என்பதைத் தவிர இதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. மனசு சரியில்லை என்று டாக்டரிடம் சொன்ன ஒரே காரணத்துக்காக யாருக்கும் கிரீன் கார்டு மறுக்கப்பட்டதாக ஜெயபிரகாஷுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. ஐசக் டாக்டரோ, நோயாளி விஷயம் இருக்கட்டும், மத்தியானம் தான் என்ன சாப்பிட்டோம் என்பதையே மனைவியிடம் சொல்லாத மனிதர். ஆனால் பயத்துக்கு ஆதாரம் எதற்கு? வான்மதிக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. அதைவிட, டாக்டர் தன்னைப் பைத்தியம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டாரோ என்று அவமானமாகவும் இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு நார்மல். சுரப்பி சோர்ந்தால் ஏறுகிற அந்த எண் நார்மலுக்குள் மேல்பக்கமாக இருந்தது, ஆனால் நார்மல். ஜெயபிரகாஷ் அதைப் படம் பிடித்துத் திருப்பூரில் இருக்கும் தன் அக்கா புஷ்பவல்லிக்கு அனுப்பினான். புஷ்பவல்லி பத்து வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். அந்தத் தகுதியில் அவள் தன் தெருவுக்கே டாக்டர். உடனே வீடியோ காலில் வந்துவிட்டாள்.

"மேல் கோட்டுகிட்ட நிக்குதல்லோ கண்ணு? அதுதான். அமெரிக்காக்காரன் கணக்கு வேற, நம்ம ஒடம்பு வேற. எனக்கும் இப்பிடித்தான் தொண்டையில ஏதோ இருக்கற மாதிரி இருந்துச்சு."

"டாக்டர் வீக்கம் இல்லைங்கறாருங்க நங்கையா," என்றாள் வான்மதி. கணவனின் அக்காளை அப்படிக் கூப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம்.

"அவரு என்னத்தக் கண்டாரு? நான் மாத்திரை அனுப்பறேன். வெறும் வயித்துல போடு."

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்த, தெரிந்தவரான அச்சுதன் குடும்பம் எடிசன் திரும்பியபோது, பெட்டியில் முறுக்குக்கும் இட்லிப் பொடிக்கும் நடுவில் மாத்திரைப் புட்டிகளும் வந்து சேர்ந்தன. யாரும் மருந்துச்சீட்டு கேட்கவில்லை. நம் சனத்துக்கு ஊரிலிருந்து வருகிற மாத்திரை மருந்தே இல்லை, பலகாரத்தில் சேர்த்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவது. என்ன வான்மதி, முகம் வாடியிருக்கே என்று யாரோ கேட்க, "தைராய்டுங்க" என்றாள். சொன்னதுதான் தாமதம், சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் வாய் திறந்தார்கள். எனக்கு ஆறு வருஷமா, என் தங்கச்சிக்கு ஆப்பரேஷனே ஆச்சு, முட்டைக்கோஸ் சேக்காதே, முடி கொட்டும் பாத்துக்கோ. ஒருத்தி தோளில் கைபோட்டுக்கொண்டாள். வான்மதிக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. தம்பி செத்ததற்கு அழக்கூட அவளால் முழுதாக முடிந்ததில்லை. அழுதால் கேள்வி வரும், கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டும். தைராய்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது ஊருக்குச் சொல்லக்கூடிய நோய்.

இஎன்டி டாக்டர் மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, மெல்லிய குழாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் நன்றாக இருந்தன, கட்டி எதுவும் இல்லை. ஆசிட் மாத்திரை இரண்டு மாதமும் சாப்பிட்டாகிவிட்டது. அதிலும் வித்தியாசம் இல்லை. உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பி வாருங்கள், மூன்றாவது காரணத்தைப் பற்றிப் பேசுவோம் என்று ஐசக் டாக்டர் ஆபீசிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. ஜெயபிரகாஷ் எடுக்க விடவில்லை.

"டோஸ் பத்தல," என்றாள் புஷ்பவல்லி. "ரெண்டாப் போடு."

இரண்டாகப் போட்டாள். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சுரப்பி, வெளியிலிருந்து சரக்கு கொட்டுகிறது என்று தெரிந்ததும் தன் வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கப்போய்விட்டது. உடம்பு மட்டும் தேவைக்கு மேல் ஓட ஆரம்பித்தது. காபி டம்ளர் கையில் நடுங்கியது. குளிர்காலத்தில் வியர்த்தது. தூக்கம் போயிற்று. நெஞ்சு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடவென்று அடித்தது. சுடிதார் தொளதொளத்தது, மோதிரம் விரலில் நிற்கவில்லை.

வெயிட் குறைந்ததா என்று டாக்டர் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது குறைகிறது. அப்படியானால் இது கேன்சர்தான் என்று முடிவுகட்டிக்கொண்டாள். மாத்திரைதான் எடையைத் தின்கிறது என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற பெண் அவள். இதைச் சொல்கிற என் வயிற்றெரிச்சலே அதுதான். பயத்தில் இன்னும் விழுங்கினாள், உருண்டை இன்னும் இறுகியது. இனியன் பள்ளிக்குப் போனபிறகு அவன் அறையில் போய் உட்கார்ந்து, நான் செத்துப்போனால் இவனுக்கு யார் காலுறை வாங்குவார்கள் என்று அழுவாள்.

கேன்சர் பயத்தில் ஐசக் டாக்டரிடம் மறுபடி போனபோது அவர் முகம் மாறிவிட்டது. எடை இவ்வளவு இறங்கியிருக்கிறதே என்று எண்டோஸ்கோபிக்கு எழுதினார். அது சுத்தமாக வந்தது. ரத்தம் எடுத்தார். தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன் ஏறக்குறையப் பூஜ்யம். உடம்பில் தைராய்டு அளவு மீறினால்தான் அது அப்படி அடங்கும்.

"போன தடவை நார்மல். இப்ப உடம்புல தைராய்டு ஹார்மோன் வழியுது. ஊர்ல இருந்து ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து? முடிக்கு பயோட்டின்? அதுகூட டெஸ்டைக் குழப்பும்."

"நோ டாக்டர், நத்திங்," என்றான் ஜெயபிரகாஷ்.

டாக்டர் வான்மதியைப் பார்த்தார். "வான்மதி, நீங்க சொல்லுங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினாள். தமிழ் டாக்டர் என்பதால்தான் சொல்ல முடியவில்லை. மாத்திரை எதற்கு என்பார், யார் கொடுத்தார்கள் என்பார், மனசு என்று சொன்னேனே அதற்கு ஏன் வரவில்லை என்பார். ஒவ்வொன்றாக அவிழ்த்தால் கடைசியில் தாராபுரத்து வாசலில் போய் நிற்கும். டாக்டர் பெருமூச்சு விட்டு, ஹார்மோன் டாக்டருக்கு அனுப்பினார். நாள் கிடைப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நடுவில் இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சுரப்பி தானாகச் சுரக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஜெயபிரகாஷ் அந்த ரத்தம் கொடுக்கிற நாளைத் தள்ளிப்போட்டான்.

வசந்தகால ஆட்டம் ஒன்றில், இனியன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது, வேலியோரம் நின்றிருந்த வான்மதிக்கு நெஞ்சு தாறுமாறாகத் துள்ளியது. துடிப்பில் ஒரு வரிசையே இல்லை. கண் இருட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். ஆட்டத்தை விட்டுவிட்டு இனியன் ஓடி வந்தான். ஆம்புலன்ஸில் அம்மாவின் கையை அவன்தான் பிடித்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன என்றார்கள். துடிப்பைக் குறைக்க ஊசி மருந்து ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள், இதயத்தை எக்கோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் இதய டாக்டர் வந்தார். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. அவசரமில்லாமல் பேசினார். கட்டிலருகே ஜெயபிரகாஷ், ஜன்னலோரம் இனியன்.

உடம்பில் தைராய்டு ஹார்மோன் மிக அதிகம், அதனால் இந்தத் துடிப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் தனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது என்றும் சொன்னார். "உங்கள் தம்பி முப்பத்தொன்பது வயதில் ஹார்ட் அட்டாக்கில் இறந்ததாக உங்கள் ரெக்கார்டில் இருக்கிறது. அவ்வளவு இளம் வயதில் அப்படி ஒரு சாவு என்றால், குடும்பத்தில் ஓடுகிற இதய நோயாக இருக்கலாம். போஸ்ட்மார்ட்டம் செய்தார்களா? அந்த அறிக்கை கிடைக்குமா?"

"செய்யவில்லை," என்றான் ஜெயபிரகாஷ். செய்திருந்தார்கள். அந்தக் காகிதம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளத் தாராபுரத்தில் எத்தனை பேர் கையைக் காலைப் பிடித்தார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

டாக்டர் இனியன் பக்கம் திரும்பினார். சாக்கர் ஆடுவாயா என்று கேட்டார். ஆமாம் என்றான். அப்படியானால், எல்லாப் பரிசோதனையும் முடிகிறவரை நீ ஓடக்கூடாது, ஆடக்கூடாது என்றார் டாக்டர். ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை. மாதங்கள் ஆகலாம். மன்னித்துக்கொள், ஆனால் மைதானத்தில் நீ விழுந்துவிடக் கூடாது.

இனியனின் கை தன் நெஞ்சுக்குப் போனது. "எனக்கும் மாமா மாதிரி ஆகுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"இருக்காது என்றுதான் நம்புகிறோம். தெரிந்துகொள்ளத்தான் பார்க்கிறோம்," என்றார் டாக்டர்.

"ஷ்யூர் டாக்டர்," என்றான் ஜெயபிரகாஷ். "எந்த டெஸ்ட் வேண்டுமானாலும் எடுங்கள்."

வான்மதி கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். பையனின் நெஞ்சில் கம்பிகளை ஒட்டட்டும், ரத்தத்தை எடுக்கட்டும், இனி படியேறும்போதெல்லாம் அவன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும், உண்மை மட்டும் வெளியே வர வேண்டாம். ஜெயபிரகாஷ் கெட்டவன் இல்லை. பயந்தவன். ஆனால் அந்த நிமிஷம் அவன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தன்மேல் வந்தது அதைவிட அதிகம்.

"டாக்டர்," என்றாள். ஆங்கிலத்திலேயே சொன்னாள். தமிழில் அந்த வாக்கியத்தை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. "என் தம்பிக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. அவன் தற்கொலை செய்துகொண்டான்."

"வான்மதி!" என்றான் ஜெயபிரகாஷ்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணினார்கள். அதிலும் அதுதான் இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் நான் சாப்பிடுகிறேன். ஊரிலிருந்து வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை."

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டு, ஐயாம் சாரி என்றார், உங்கள் தம்பிக்காக. அதற்குப் பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேசினார். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும். உடம்பை விட்டு அது வடிவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை துடிப்பைக் கட்டுப்படுத்த வேறு மருந்து. பெரும்பாலும் துடிப்பு பழையபடி ஒழுங்குக்கு வந்துவிடும், சுரப்பியும் விழித்துக்கொள்ளும், ஆனால் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இனியனிடம், உன் மாமாவுக்காக உன்னை நிறுத்திவைக்க இப்போது காரணம் இல்லை என்றார். கடைசியாக வான்மதியிடம் கேட்டார், உங்களுக்கு அப்படி ஏதாவது எண்ணம் வருகிறதா என்று. இல்லை, சாவுக்குப் பயம்தான் என்றாள். அந்த உருண்டையைப் பற்றிப் பேச ஒரு ஆளை அனுப்பட்டுமா என்றதற்கு, சரி என்றாள்.

டாக்டர் போனபிறகு எச்சிலை விழுங்கினாள். உருண்டை இருந்தது. சொல்லிவிட்டால் கரைந்துபோகும் என்று அவள் எங்கேயோ நம்பியிருந்தாள் போலிருக்கிறது. கரையவில்லை.

ஜெயபிரகாஷின் போன் அடித்தது. புஷ்பவல்லி. அவன் வெளியே போய்க் கதவருகில் நின்று பேசினான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. தைராய்டுதான். கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சாம். டாக்டர் பாத்துக்கறேன்னுட்டாங்க."

இனியன் கதவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். கோபம் இல்லை. கட்டிலருகே வந்து, எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவன், தடுமாறித் தடுமாறித் தமிழில் கேட்டான்.

"மாமாக்கு கேஸ்னு சொன்னீங்க. அப்புறம் ஹார்ட்னு சொன்னீங்க. உனக்கு தைராய்டுன்னு சொன்னீங்க. எனக்கு வந்தா என்னன்னு சொல்வீங்க?"

வான்மதி கையில் ஊசி குத்தியிருப்பதை மறந்து எழுந்து உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்கு வந்திருக்குதா கண்ணு?"

எப்போதும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற பையன் இன்று குலுக்கவில்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை விடவில்லை. அவனும் உருவிக்கொள்ளவில்லை.

"என்னங்க," என்று கதவைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள். "போனை வைங்க. உள்ள வாங்க."